கொழுந்தனார் எங்கள் தையல் யூனிட்டில் சேருகிறார்: சம்பளம், பங்கு, கையெழுத்து ஆகியவற்றை எப்படிப் பிரிப்பது?

நொய்யல்கரை

திருப்பூரில் என் கணவர் ஒரு தையல் யூனிட் நடத்தி வருகிறார். ஏற்றுமதி நிறுவனங்களிடமிருந்து வெட்டிய துணி வரும். 45 மெஷின்களில் தைத்து, செக்கிங், அயர்ன், பேக்கிங் முடித்து ஜாப் ஒர்க் கூலிக்குத் திருப்பித் தருகிறோம். நிறுவனம் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. நான் பி.காம். படித்தவள். பில், சனிக்கிழமைக் கூலி, ஜி.எஸ்.டி., வங்கி வேலை அனைத்தையும் திருமணமான நாளிலிருந்து நானே பார்க்கிறேன். எனக்கென்று சம்பளம் எதுவும் எழுதப்படுவதில்லை.

என் கொழுந்தனார் சென்னையில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவர். இப்போது வேலையை விட்டுவிட்டு, 10 லட்ச ரூபாயுடன் எங்களோடு சேர விரும்புகிறார். சரிபாதிப் பங்கு கேட்கிறார். என் கணவரோ, "தம்பிக்கும் எனக்கும் நடுவில் என்ன சம்பளம், தேவைப்படுகிறபோது எடுத்துக்கொள்ளட்டும்" என்கிறார். மாமனார் இரண்டு மகன்களுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்கிறார், வங்கியின் சி.சி. கடன் கணக்குக்கு அவருடைய வீடுதான் அடமானத்தில் இருக்கிறது. மெஷின்களும் நடைமுறை மூலதனமும் சேர்த்து என் கணவரின் பணம் சுமார் 50 லட்சம் உள்ளே இருக்கிறது. கூலி, வாடகை, தேய்மானம், வங்கி வட்டி எல்லாம் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 24 லட்சம் மிஞ்சுகிறது. மூன்று பேருக்கும் எது நியாயம் என்பதை இதுபோன்ற அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காவேரிக்கரையான்

சகோதரி, பூர்வீகச் சொத்தில் மகன்களுக்கு மட்டுமல்ல, மகள்களுக்கும் சம உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. உங்கள் கணவருக்குச் சகோதரி இருந்தால் அவரையும் சேர்த்து முறையாகப் பாகப்பிரிவினை செய்துவிட்டு, அதன் பிறகு தொழிலைப் பற்றிப் பேசுங்கள்.

நொய்யல்கரை

நன்றி ஐயா. ஆனால் இது பூர்வீகச் சொத்து அல்ல. யூனிட் என் கணவர் கடன் வாங்கித் தொடங்கியது. மாமனாரின் வீடும் அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது. அது அடமானமாக மட்டுமே இதில் வருகிறது. நான் கேட்பது பாகப்பிரிவினையைப் பற்றி அல்ல, ஒன்றாக வேலை செய்வதைப் பற்றி.

ஈரோட்டு ஜவுளி

இதில் குழப்பமே வேண்டாம். பார்ட்னர்ஷிப் போடுங்கள், சம்பளம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது என்பதுதான் 1932-ஆம் ஆண்டுச் சட்டம். வருட முடிவில் லாபத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எப்படி எடுத்தாலும் வரி ஒன்றுதான். நாங்கள் மூன்று சகோதரர்கள் அப்படித்தான் கடை நடத்துகிறோம். இதுவரை ஒரு சொல் எழுந்ததில்லை.

பேரேடு

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருப்பூர், கோவைப் பகுதிக் குடும்ப நிறுவனங்களுக்கு ஆடிட்டராக இருப்பவன். மேலே ஈரோட்டு நண்பர் சொன்னதில் பாதி சரி. பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் பத்திரத்தில் வேறு விதமாக எழுதாத வரையில்தான் அது உண்மை. அதே சட்டம், எதுவும் எழுதாவிட்டால் லாபமும் நட்டமும் சம பங்கு என்றும் சொல்கிறது. அதாவது இந்தச் சகோதரியின் வீட்டில் எதையும் எழுதாமல் பார்ட்னர்ஷிப் போட்டால், 50 லட்சம் போட்டவரும் 10 லட்சம் போட்டவரும் ஒரே தொகையைப் பெறுவார்கள். முழுநாள் நிற்பவருக்கும் பாதி நாள் நிற்பவருக்கும் வேறுபாடு இராது. மூன்று சகோதரர்களும் ஒரே அளவு பணம் போட்டு, ஒரே அளவு உழைக்கும் கடையில் அது சரியாக வரும். இங்கே வராது.

நான் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் செய்யச் சொல்வது, வீட்டுக்குப் போகும் பணத்தை மூன்றாகப் பிரிப்பது. உழைப்புக்கு உள்ளது சம்பளம், போட்ட பணத்துக்கு உள்ளது வட்டி, இவ்விரண்டும் போக நிற்பதுதான் உரிமைக்கான லாபப் பங்கு. "பாதி வேண்டும்" என்று தம்பி கேட்கும்போது இவற்றில் எதில் பாதி கேட்கிறார் என்று அவருக்கே தெளிவு இருப்பதில்லை. "தேவைப்படுகிறபோது எடுத்துக்கொள்ளட்டும்" என்று அண்ணன் சொல்லும்போது மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். உங்கள் வேலைக்கு வெளியாளை வைத்தால் மாதம் 25,000 ஆகும் என்று கொண்டால் ஆண்டுக்கு 3 லட்சம். அதை ஊழியர் சம்பளமாக எழுதினால் மிச்சம் 21 லட்சம். மூலதனத்துக்கு 12 சதவீத வட்டி கொடுங்கள். வருமான வரிக் கணக்கில் பங்குதாரர் வட்டிக்கு அதுதான் உச்சவரம்பு. அண்ணனுக்கு 6 லட்சம், தம்பிக்கு 1.2 லட்சம் போக 13.8 லட்சம் நிற்கும். இதிலிருந்து வேலை செய்யும் பங்குதாரர்களின் ஊதியமாக எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம். உங்களுக்கு அது 10.08 லட்சம் வரும். அண்ணனுக்கு மாதம் 45,000, தம்பிக்கு 35,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 9.6 லட்சம், வரம்புக்குள் அடங்குகிறது. மீதி 4.2 லட்சத்துக்கு நிறுவனம் செஸ் உட்பட 31.2 சதவீத வரி கட்டினால் கையில் ஏறத்தாழ 2.9 லட்சம் மிஞ்சும். இதைத்தான் பங்கு விகிதப்படி பிரிக்க வேண்டும்.

இப்போது கவனியுங்கள். 24 லட்சத்தில் பாதி கொடுப்பதா, இல்லையா என்று வீடே இரண்டுபட்டு நின்றது. ஆனால் உழைப்புக்கும் பணத்துக்கும் உரியதைக் கொடுத்த பிறகு, விகிதத்தால் மாறக்கூடிய தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. 70:30 என்றாலும் 50:50 என்றாலும் தம்பிக்கு வரும் வேறுபாடு ஆண்டுக்கு அறுபதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். தொழில் வளர்ந்தால் அந்த வேறுபாடும் வளரும் என்பது உண்மை. எனவே விகிதம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அது எதற்கான விகிதம் என்பது தெரிந்து பேசுங்கள் என்கிறேன்.

"வரி ஒன்றுதான்" என்பதும் சரியல்ல. நிறுவனத்திலேயே லாபமாக நிறுத்தினால் முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதமும் செஸ்ஸும் கட்ட வேண்டும். ஊதியமாகவும் வட்டியாகவும் எடுத்தால் அது அவரவர் வருமானத்தில் அவரவர் வரம்புக்கு ஏற்ப வரும். ஆனால் ஊதியத் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இருந்தால்தான் கழிக்க முடியும். பத்திரத் தேதிக்கு முந்திய மாதங்களுக்குப் பின்னால் எழுதிச் சேர்க்கவும் முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல், பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் ஊதியமும் வட்டியும் சென்றால் நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தாக வேண்டும். பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஈரோட்டு ஜவுளி

ஐயா சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் அண்ணனுக்கு 45,000, தம்பிக்கு 35,000 என்று எழுதி வைத்தால் அந்தப் பத்தாயிரமே வீட்டில் பேச்சாகும். பெண்கள் காதில் விழுந்தால் முடிந்தது.

நொய்யல்கரை

பெண்கள் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது அண்ணா, கணக்கு எழுதுவதே நான்தான்.

பேரேடு ஐயாவிடம் ஒரு கேள்வி. என்னை ஊழியராக வைத்து 3 லட்சம் எழுதினால், அது என் வருமானமாகத்தானே கணக்கில் வரும்?

மருந்துக்கடை தஞ்சை

இதில் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். மருந்துக்கடை என் பெயரில் உள்ளது. பதிவு பெற்ற மருந்தாளுநர் என் மனைவி. மருந்தாளுநர் இல்லாமல் கடையே நடத்த முடியாது. அவருக்குக் கொடுக்கும் சம்பளம் அவருடைய வருமானமாகவே ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் ஏறுகிறது. யாரும் கேள்வி கேட்டதில்லை. எனவே தைரியமாக எழுதுங்கள்.

பேரேடு

தஞ்சை நண்பரின் கடைக்குப் பொருந்துவது இந்தச் சகோதரிக்கு அப்படியே பொருந்தாது. கணவருக்கோ மனைவிக்கோ கணிசமான பங்கு உள்ள நிறுவனத்திலிருந்து மற்றவர் பெறும் சம்பளத்தை, பங்கு உள்ளவரின் வருமானத்தோடு சேர்த்தே வரி போடுவார்கள். பார்ட்னர்ஷிப்பில் 20 சதவீத லாபப் பங்கு இருந்தாலே கணிசமான பங்குதான். தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவாலும் அனுபவத்தாலும் மட்டுமே வந்த வருமானம் என்றால் விலக்கு உண்டு. மருந்தாளுநர் பதிவு அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பி.காம். படித்துக் கணக்கு எழுதுவது அந்த விலக்கில் அடங்குமா என்பது வாதத்துக்கு உரியது. அடங்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் கணவருக்கு வட்டியும் ஊதியமும் சேர்ந்து 11.4 லட்சம். லாபப் பங்குக்கு நிறுவனமே வரி கட்டிவிடுவதால் அது அவருக்கு வரிக்கு உட்படாது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், 2025-26 ஆண்டுக்கு அவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. உங்கள் சம்பளம் அவர் தலையில் சேர்ந்தால் 12 லட்சத்தைத் தாண்டி, எண்பதாயிரத்துக்கு மேல் வரி வந்துவிடும். அதற்காக உங்களுக்குச் சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெயரில் வங்கிக்குப் போகும் பணமும், யூனிட்டின் உண்மையான செலவு என்ன என்ற தெளிவும் அந்த வரிக்கு மேல் மதிப்புள்ளவை என்பது என் கருத்து. ஆனால் தெரிந்தே செய்யுங்கள். நீங்கள் செய்யும் வேலைக்கு மிஞ்சிய தொகையை எழுதினால், உறவினருக்குக் கொடுத்த அதிகச் செலவு என்று அதைக் கழிக்கவே விடமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

லைன் மேஸ்திரி

நான் தையல் யூனிட்டுகளில் லைன் சூப்பர்வைசராக வேலை பார்ப்பவன். பங்கு, வரி எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு முதலாளிகள் உள்ள யூனிட் எப்படிக் கெடும் என்பது தெரியும். அண்ணன் ஒரு ஸ்டைலுக்குப் பீஸ் 11 ரூபாய் என்று கான்ட்ராக்டரிடம் பேசி முடித்திருப்பார். ஷிப்மெண்ட் நெருங்கும்போது தம்பி ஃப்ளோருக்கு வந்து, இரவு ஷிப்டில் முடித்துக் கொடுங்கள், 11.50 தருகிறேன் என்பார். ஐம்பது காசுதானே என்று அவருக்குத் தோன்றும். சனிக்கிழமை அந்த லைனுக்கு மட்டும் 11.50 போனால், அடுத்த வாரம் மற்ற எல்லா லைனும் அதே ரேட் கேட்கும். அண்ணன் மறுத்தால், சின்ன முதலாளி சொன்னார் என்பார்கள். பிறகு ஒவ்வொரு டெய்லரும் தனக்குச் சாதகமான முதலாளியைத் தேடிப் போவார். ரேட்டை யார் சொல்வது, அவசர மாற்றத்தை யார் சொல்வது என்பதை ஒரே ஆள் பெயரில் எழுதிச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள் அக்கா.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஆட்கள் உங்களிடம் வந்து "அண்ணன்கிட்ட கேட்டாச்சு" என்று தாங்களாகவே சொல்லத் தொடங்கினால், ஒருவரிடம் கேட்டு மறுக்கப்பட்டு அடுத்தவரிடம் வருகிறார்கள் என்று பொருள்.

பேரேடு

மேஸ்திரி சொன்னதைப் பத்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். முடிவு எடுக்கும் அதிகாரத்தை லாப விகிதத்தில் பிரிக்க முடியாது. வேலை வகையாகத்தான் பிரிக்க முடியும். உங்கள் கொழுந்தனார் மெர்ச்சண்டைசர் என்பதால் ஆர்டர் எடுப்பது, கூலி பேசுவது, சாம்பிள் ஒப்புதல், டெலிவரி தேதி ஆகியவை அவர் பொறுப்பாகலாம். ஃப்ளோர், கான்ட்ராக்டர், பீஸ் ரேட், மெஷின் பராமரிப்பு அண்ணனுடையவை. பணம் வருவதும் போவதும் உங்களுடையவை. தன் பொறுப்புக்குள் 50,000 ரூபாய் வரை மற்றவரைக் கேட்காமல் செலவு செய்யலாம் என்று ஒரு தொகையும் எழுதுங்கள். அந்தத் தொகை உங்கள் வாரப் புழக்கத்தைப் பொறுத்தது.

அதற்கு மேல் சில விஷயங்களுக்கு இரண்டு சகோதரர்களின் கையெழுத்தும் வேண்டும்: புதிய கடன், புதிய மெஷின், இடத்தின் குத்தகை, புதிய பங்குதாரர், பிறருக்கு ஜாமீன், ஒரே நிறுவனத்துக்கு இவ்வளவுக்கு மேல் கடன் நிலுவை விடுவது. வங்கியில் கொடுக்கும் கையெழுத்து ஆணையும் இதோடு பொருந்த வேண்டும். பத்திரத்தில் இருவர் என்று எழுதிவிட்டு, வங்கியில் "யாராவது ஒருவர்" என்று கொடுத்தால் பத்திரம் காகிதம்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்களையும் மூன்றாவது பங்குதாரராகச் சேர்க்கலாமா என்ற கேள்வி அடுத்து வரும். சேர்ப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது: இரண்டே பேர் உள்ள நிறுவனத்தில் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ நிறுவனமே கலைந்துவிடும், மூன்று பேர் இருந்தால், பத்திரத்தில் எழுதிவைத்து, மற்ற இருவரும் தொடரலாம். ஆனால் சாதாரண விஷயங்களில் பெரும்பான்மைதான் முடிவு என்பது சட்டத்தின் பொது விதி. கணவனும் மனைவியும் ஒரு பக்கம் நின்றால் தம்பிக்கு ஒவ்வொரு முறையும் இரண்டுக்கு ஒன்றுதான். அவர் இதைக் கேட்க மாட்டார், ஆனால் முதல் ஆண்டு முடிவதற்குள் உணர்ந்துவிடுவார். அதனால் உங்களுக்கு 5 சதவீதம் போன்ற சிறு பங்கு வைத்து, சகோதரர்கள் இருவரும் மாறுபடும் விஷயங்களில் உங்கள் வாக்கு எண்ணப்படாது என்று எழுதலாம். பெரும்பான்மை விதியை ஒப்பந்தத்தால் மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் சம்பளமும் அப்போது பங்குதாரர் ஊதிய வரம்புக்குள் வந்துவிடும் என்பதால், நான் மேலே சொன்ன தொகைகளை வைத்தால் மொத்த ஊதியம் வரம்பைவிட 72,000 ரூபாய் கூடிவிடும். அது பெரிய இழப்பு அல்ல, தொகைகளைச் சற்றுத் திருத்தினாலே அடங்கிவிடும்.

நொய்யல்கரை

வேலை எல்லாம் நான் பார்த்து, வாக்கு மட்டும் எனக்கு இல்லையென்றால் அதுவும் நியாயமாகத் தோன்றவில்லையே ஐயா.

பேரேடு

நியாயம் இல்லைதான். பணத்தைச் செலுத்துவதும் நிறுத்துவதும் உங்கள் கையில் இருப்பது அதற்கு ஓரளவு ஈடு. முழு ஈடு என்று சொல்ல மாட்டேன். எந்த மூன்று பேர் நிறுவனத்திலும் இருவர் ஒரே வீட்டில் இருந்தால் இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பிடித்த விடை கிடைப்பதில்லை.

இளையவன்

அந்தக் கொழுந்தனாரின் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். கோவையில் என் அண்ணனின் பம்ப் உதிரிபாகப் பட்டறையில் 25 சதவீதப் பங்குதாரராகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகினேன். பங்கு 25 சதவீதம் என்றால் பொறுப்பும் 25 சதவீதம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. பார்ட்னர்ஷிப்பில் ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. வங்கி என்னிடம் முழுத் தொகைக்கும் கையெழுத்து வாங்கியது. விலகிய பிறகும் அந்த ஜாமீனிலிருந்து என் பெயரை எடுக்க வங்கியில் நெடுநாள் அலைந்தேன். எனவே தம்பிக்குக் குறைந்த பங்கு கொடுக்கிறவர்கள், அவர் முழுக் கடனையும் தோளில் ஏற்றுகிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விலகும்போது என்ன விலை என்பது. என் மூலதனக் கணக்கில் இருந்ததைத் தருகிறேன் என்றார் அண்ணன். தேய்மானம் போட்டுப் போட்டுப் புத்தகத்தில் மெஷின்களின் மதிப்பு கரைந்திருந்தது. சந்தையில் அவற்றுக்கு அதைவிட நல்ல விலை இருந்தது. நான் கொண்டுவந்த வாடிக்கையாளர்களுக்கு ஒரு மதிப்பும் போடவில்லை. எதுவும் எழுதாமல் இருந்ததால் இருவரும் சொல்வது சரியென்றே இருவருக்கும் தோன்றியது.

ஈரோட்டு ஜவுளி

வாடிக்கையாளருக்கு மதிப்புப் போட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் பெரிய தொகை கேட்பார்கள். அண்ணன் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஜாப் ஒர்க் யூனிட்டில் ஆர்டர் நின்றால் மெஷின் வெறும் இரும்புதான். புத்தக மதிப்புதான் சரி.

பேரேடு

இருவருக்கும் நடுவே நான் வழக்கமாக எழுதும் ஒரு முறை உண்டு. அது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்லவில்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் போட்ட பணமும் கணக்கில் நிற்கும் லாபமும் மட்டும். அதற்குப் பின் என்றால் மெஷின்களைப் பழைய மெஷின் வியாபாரிகள் இருவரிடம் விலை கேட்டு, அவற்றின் சராசரி. வாடிக்கையாளர் மதிப்பு ஜாப் ஒர்க் யூனிட்டில் வேண்டாம். சொந்த பிராண்டு உள்ள நிறுவனத்தில் வேண்டும். தொகையை ஒரே தவணையில் கேட்டால் யூனிட் நின்றுவிடும் என்பதால், வட்டியோடு 18 மாதங்களில் மாதத் தவணையாக. எதுவும் எழுதாமல் விட்டு, கணக்கு முடியாமலே மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால், விலகியவர் தன் பங்குக்கான லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த நிலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். நிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தப்படி வர வேண்டிய கூலிப் பாக்கிக்குக்கூட வழக்குத் தொடுக்க முடியாது.

தனி நிறுவனம் பார்ட்னர்ஷிப்பாக மாறும்போது பான் மாறும், எனவே ஜி.எஸ்.டி. எண்ணும் மாறும். உங்களுக்கு வேலை தரும் நிறுவனங்கள் புதிய எண்ணைப் பதிந்துகொள்ளும் வரை பில் தேங்கும். அவர்களுக்கு முன்னதாகவே சொல்லிவிட்டு, ஏப்ரல் முதல் தேதியில் மாறுவது எளிது.

நொய்யல்கரை

இரண்டு நாட்களாக இந்த இழையை வீட்டில் எல்லோரும் வாசித்தார்கள். ஊதியமும் வட்டியும் தனித்தனியாக எழுதுவதற்கு என் கணவர் சம்மதித்துவிட்டார், 2.9 லட்சம் என்ற எண்ணைப் பார்த்த பிறகு கொழுந்தனாரும் பாதி என்பதை விட்டு 65:30:5 என்பதைப் பேசத் தயாராக இருக்கிறார். பீஸ் ரேட்டை என் கணவர் மட்டுமே சொல்வார் என்பதையும் ஏற்றுக்கொண்டார். வீட்டுச் செலவுக்கு யூனிட் கல்லாவிலிருந்து எடுப்பது இனி அவரவர் பற்றுக் கணக்கில்தான் ஏறும். இதற்குத்தான் மாமனார் முகம் சுளித்தார்.

இரண்டு விஷயங்கள் முடியவில்லை. மாமனாரின் வீடு அடமானத்தில் இருப்பதற்கு அவருக்கு என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் எதுவும் வேண்டாம் என்கிறார், என் நாத்தனாரோ அந்த வீட்டை எப்போது மீட்பீர்கள் என்று முதல் முறையாகக் கேட்டிருக்கிறார். என் வாக்கைப் பற்றிய விதியை நான் இன்னும் ஏற்கவில்லை.

காவேரிக்கரையான்

அதனால்தான் நாத்தனாரைப் பற்றி முதலிலேயே கேட்டேன்.

பேரேடு

காவேரிக்கரையார் கேட்டது வேறு காரணத்துக்காக என்றாலும், அந்தக் கேள்வி இப்போது பொருந்துகிறது. சி.சி. வரம்பைப் புதிய நிறுவனத்தின் பெயருக்கு மாற்றும்போது உங்கள் மாமனார் எப்படியும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்பே, மெஷின்களின் மீதும் நிலுவைகளின் மீதும் மட்டும் வரம்பு தர முடியுமா, வீட்டை எவ்வளவு காலத்தில் விடுவிக்கலாம் என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். ஆண்டு லாபத்தில் ஒரு பகுதியை அந்தக் கடனுக்கு என்று ஒதுக்கி, லாபம் பிரிப்பதற்கு முன்பே அது கழிக்கப்படும் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அந்த வரியை மூன்று பங்குதாரர்களோடு நாத்தனாரும் வாசிக்கட்டும்.